எச்சில் துப்புவது எப்போது வெட்கக்கேடானது? எலியாஸின் ஆதாரங்களை எப்படிப் படிப்பது

கயல்விழி_எம்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த அமர்வுக்கு ஜெர்மானியச் சமூகவியலாளர் நோர்பெர்ட் எலியாஸின் நாகரிகமாதல் பற்றிய நூலை எடுத்திருக்கிறோம். முழுவதையும் பேச நேரம் போதாது. அதனால் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்: எச்சில் துப்புவது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெரிய வீடுகளின் கூடத்திலேயே தரையில் துப்பியிருக்கிறார்கள். பிறகு அது வெளியே சொல்லக்கூட கூசும் காரியமாகிவிட்டது. கிருமி என்று ஒன்று இருப்பது தெரிந்த பிறகுதான் இந்த மாற்றம் வந்தது என்று வட்டத்தில் பலர் நம்புகிறார்கள். இல்லை, வெட்கம் முந்தி வந்தது, கிருமி பிந்தி வந்தது என்கிறார் எலியாஸ். அவர் கையில் இருக்கும் ஆதாரம் என்ன? அதை எந்த அளவுக்கு நம்பலாம்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

தென்பாண்டியன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-ல் கண்டுபிடித்தார். 1896-ல் நியூயார்க் நகரம் பொது இடத்தில் துப்பத் தடை போட்டது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் போட்டன. டிராமிலும் ரயிலிலும் அறிவிப்புப் பலகை வந்தது, மக்கள் நிறுத்தினார்கள். காரணம் சுகாதாரம்தான். இடைக்கால ஐரோப்பியர் காட்டுமிராண்டிகள், பிறகு மெல்ல மெல்ல நல்லவர்கள் ஆனார்கள் என்று எலியாஸ் ஒரு கதை கட்டுகிறார். காலனிக் காலத்தில் நம்மைப் பற்றிச் சொன்ன அதே கதையைத் தங்கள் மூதாதையர் மேல் போட்டுப் பார்க்கிறார்கள்.

நூலகவாசி

தென்பாண்டியன் சொன்ன ஆண்டுகள் சரி. எலியாஸ் சொன்னதாக அவர் சொல்வதுதான் சரியில்லை. அதைப் பிறகு பார்ப்போம், முதலில் ஆதாரம்.

எலியாஸ் 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் வாசிப்பறையில் உட்கார்ந்து பழைய ஒழுக்க நூல்களை எடுத்துப் படித்தார். சாப்பிடும்போது எப்படி உட்கார வேண்டும், மூக்கை எப்படிச் சிந்த வேண்டும், எங்கே துப்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் சொல்லிக் கொடுக்கும் நூல்கள் அவை. ஒரே விஷயத்தைப் பற்றி வெவ்வேறு நூற்றாண்டு நூல்கள் என்ன சொல்கின்றன என்று வரிசையாக அடுக்கினார். முறை இவ்வளவுதான். அதன் பலன் வரிசையில்தான் இருக்கிறது. ஒரு நூலை மட்டும் தனியாக எடுத்தால் ஒன்றும் தெரியாது.

துப்புவதற்கான வரிசையைச் சொல்கிறேன். 1530-ல் எராஸ்மஸ் சிறுவர்களின் நடத்தை பற்றி லத்தீனில் ஒரு சின்ன நூல் எழுதினார். முதல் ஆறு ஆண்டுகளுக்குள் முப்பது முறைக்கு மேல் அச்சானது. துப்பும்போது திரும்பிக்கொள், அடுத்தவர் மேல் படாமல் பார்த்துக்கொள், சளி தரையில் விழுந்தால் காலால் தேய்த்துவிடு என்கிறார் அதில். எச்சிலை விழுங்குவது நாகரிகமில்லை என்றும் சொல்கிறார். துப்புவது குற்றமே இல்லை, துப்பும் விதத்தில்தான் குற்றம் நடக்கலாம்.

அடுத்து அந்துவான் த கூர்த்தான். பிரெஞ்சு ராஜதந்திரி, 1671-ல் எழுதுகிறார். முன்பெல்லாம் உயர்ந்தவர்கள் முன்னால் தரையில் துப்பிக் காலை வைத்துத் தேய்த்தால் போதும், இப்போது அது அநாகரிகம் என்கிறார். இந்த வரி ரொம்ப முக்கியம். மாற்றம் நடந்ததை நாமாக ஊகிக்க வேண்டியதில்லை, அந்தக் காலத்து ஆளே "முன்பு, இப்போது" என்று பிரித்துக் காட்டுகிறார்.

1714-ல் பெயரில்லாமல் வந்த ஒரு பிரெஞ்சு நூல், பெரியவர்கள் வீட்டில் கைக்குட்டையில் துப்பு என்கிறது. ஜன்னல் வழியாகத் துப்பாதே, நெருப்பில் துப்பாதே என்கிறது. காலை வைத்துத் தேய்க்க எச்சில் எங்கே விழுந்தது என்று தேடிப் போகும்படி அவ்வளவு தூரம் துப்பாதே என்றும் ஒரு வரி வருகிறது. காலால் தேய்க்கும் பழக்கம் அப்போதும் போகவில்லை என்பது இதில் தெரிகிறது.

பிறகு லா சால். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்திய பாதிரியார். அவர் நூலின் 1729 பதிப்பும் 1774 பதிப்பும் எலியாஸுக்குக் கிடைத்தன. அடுத்து 1859-ல் ஓர் ஆங்கில நூல்: துப்புவது எப்போதுமே அருவருப்பான பழக்கம். ஒருபோதும் செய்யாதே என்கிறது, உடல்நலத்துக்கும் கெடுதல் என்று ஒரு வார்த்தை சேர்க்கிறது, கிருமி பற்றிப் பேச்சில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கூர்த்தான் அநாகரிகம் என்று எழுதியதற்கும் கோக்கின் கண்டுபிடிப்புக்கும் நடுவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. 1859 நூல்கூட கோக்குக்கு 23 ஆண்டுகள் முந்தியது.

செல்வம்_67

நல்ல தலைப்பு. எங்கள் குடியிருப்பில் மாடிப்படி மூலையெல்லாம் வெற்றிலைக் கறை. மூன்று முறை வெள்ளையடித்தாகிவிட்டது. சாமி படம் ஒட்டிப் பார்த்தோம், பத்து நாள் தாங்கியது. அபராதம் போடலாமா, அறிவிப்பு வைக்கலாமா? எப்படி வாசகம் எழுதினால் ஆட்கள் கேட்பார்கள்? நூலகவாசி சார், அந்தப் பழைய நூல்களில் ஏதாவது வாசகம் இருந்தால் போடுங்கள்.

குமுதா_ரா

செல்வம் சார், இங்கே பேசுவது வேறு. அந்த நூல்கள் ஒட்டிவைக்க எழுதியவை இல்லை. ஆனால் உங்கள் சங்கதியில் ஒரு விஷயம் இருக்கிறது. சாமி படம் ஒட்டிய இடத்தில் துப்பாத ஆள் பக்கத்துச் சுவரில் துப்பிவிட்டுத்தானே போயிருப்பார்? துப்பும் பழக்கம் அப்படியே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. எலியாஸ் பேசும் மாற்றம் இதற்கு அடுத்த படி. ஆளில்லாத இடத்திலும் கை தானாகக் கைக்குட்டைக்குப் போக வேண்டும், எச்சில் வாயில் ஊறுவதே நினைவில் நிற்கக் கூடாது. அங்கே போய்ச் சேர அறிவிப்புப் பலகையால் முடியுமா என்று தெரியவில்லை. தரைத்தளத்தில் ஒரு தொட்டி வைத்துப் பாருங்கள். துப்ப இடம் கொடுக்காமல் துப்பாதே என்று சொன்னால் மூலைதான் மிஞ்சும்.

சேரலாதன்

நூலகவாசி அடுக்கிய வரிசை பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கு மூன்று சந்தேகங்கள்.

இது எல்லாமே இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று சொல்லும் நூல்கள். செய்தார்களா? துப்பாதே என்று ஒருவர் எழுதினால், அந்தக் காலத்தில் எல்லாரும் துப்பினார்கள் என்றும் படிக்கலாம், துப்புவது ஏற்கெனவே கேவலமாகிவிட்டது என்றும் படிக்கலாம். ஒரே வரியை இரண்டு பக்கமும் வளைக்க முடிந்தால் அது எப்படி ஆதாரமாகும்?

அடுத்து, இந்த நூல்கள் யாருக்கு எழுதப்பட்டவை? எராஸ்மஸ் ஒரு பிரபுவின் மகனுக்குச் சமர்ப்பிக்கிறார். கூர்த்தான் அரசவைப் பழக்கத்தைக் கற்க விரும்பியவர்களுக்கு எழுதுகிறார். லா சால் தெருப் பிள்ளைகளுக்கு. மூன்று பேரும் மூன்று கூட்டத்திடம் பேசுகிறார்கள், நாம் ஒரே கோட்டில் அடுக்கி மாற்றம் என்கிறோம்.

மூன்றாவது, ஹான்ஸ் பீட்டர் டூர் என்ற ஜெர்மானிய மானுடவியலாளர் 1988 முதல் ஐந்து தொகுதிகள் எழுதி எலியாஸை மறுத்திருக்கிறார். வெட்கம் எல்லாச் சமூகத்திலும் எல்லாக் காலத்திலும் இருந்தது, இடைக்காலத்து மனிதர் வெட்கமில்லாமல் இருந்தார் என்பது கட்டுக்கதை என்கிறார். அதற்கு என்ன பதில்?

நூலகவாசி

மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். மூன்றுக்கும் ஒரே அளவு பதில் என்னிடம் இல்லை.

விதியைப் பழக்கமாக எடுத்துக்கொள்வதுதான் எலியாஸைப் படிப்பவர்கள் அதிகம் செய்யும் பிழை. விதி என்ன சொல்கிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. எதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, எதைச் சொல்லாமலே விட முடிகிறது, எந்தக் காரணத்தைச் சொல்கிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

லா சாலின் 1729 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் துப்புவதை அடக்காதே, துப்ப வேண்டியதை விழுங்குவது அநாகரிகம், பார்ப்பவருக்குக் குமட்டும் என்கிறார். எராஸ்மஸ் சொன்னதே இருநூறு ஆண்டு கழித்தும் நிற்கிறது. ஆனால் நல்ல குடும்பத்தாருடன் இருக்கும்போதும், சுத்தமாக வைத்திருக்கும் இடங்களிலும் சற்றுத் திரும்பிக் கைக்குட்டையில் துப்பு என்கிறார். துப்பியதும் உடனே மடி, அதைப் பார்க்காதே, பையில் வை. தரையில் எச்சில் கிடப்பதைக் கண்டால் சாமர்த்தியமாகக் காலை அதன் மேல் வை. இனிதான் முக்கியமான இடம். ஒருவருடைய கோட்டில் எச்சில் பட்டிருப்பதைக் கண்டால் அவரிடம் சொல்லாதே, வேலைக்காரரிடம் சொல்லித் துடைக்கச் செய். வேலைக்காரர் இல்லையென்றால் அவருக்குத் தெரியாமல் நீயே துடைத்துவிடு. அடுத்தவருக்குச் சங்கடம் தரக்கூடிய எதையும் அவர் கவனத்துக்குக் கொண்டுவராமல் இருப்பதுதான் நல்ல வளர்ப்பு என்று காரணமும் கொடுக்கிறார்.

இதில் இரண்டு தகவல் இருக்கிறது. கோட்டில் எச்சில் படுவது நடக்கக்கூடிய விஷயம், இல்லாவிட்டால் அதற்கு விதி வைத்திருக்க மாட்டார்கள். அதே சமயம் அதைப் பார்ப்பதும் பேசுவதுமே சங்கடமாகிவிட்டது. பழக்கம் இன்னும் இருக்கிறது, கூச்சமும் வந்துவிட்டது. சேரலாதன் கேட்ட "இரண்டு பக்கமும் வளையும்" வரி இதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதால்தான் அது வளைகிறது.

இப்போது அதே நூலின் 1774 பதிப்பு. மூக்குச் சிந்துவது பற்றிய பகுதியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1729-ல் படிப்படியாகச் சொல்லியிருக்கிறது: கைக்குட்டையைப் பையிலிருந்து எடுக்க நேரம் கடத்தாதே, எந்தப் பக்கம் சுத்தம் என்று விரித்து விரித்துப் பார்க்காதே, மற்றவர் கவனிக்காதபடி சட்டென்று முடி, சிந்திய பிறகு உள்ளே எட்டிப் பார்க்காதே. 1774-ல் இந்தப் படிகள் இல்லை. மூக்குச் சிந்தும்போது ஒழுங்கு, சுத்தம் சம்பந்தப்பட்ட விதிகளையெல்லாம் கடைப்பிடி என்று ஒரே வரியில் முடிகிறது. எந்த விதிகள்? சொல்லவில்லை. படிப்பவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. அதோடு, அதை விவரமாக எழுதுவதே இப்போது கூசும் காரியமாகிவிட்டது. லா சால் 1719-லேயே இறந்துவிட்டார். ஆக இந்த மாற்றம் அவர் மனம் மாறியதால் வந்ததில்லை. பின்னால் திருத்தியவர்கள் தங்கள் காலத்து வாசகருக்கு எது போதும், எது மிகை என்று பார்த்து வெட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது சந்தேகத்துக்கும் இதுவே பாதி பதில். வெவ்வேறு வாசகருக்கு எழுதிய நூல்களை ஒப்பிட்டால் சறுக்கும். ஒரே நூலின் இரண்டு பதிப்புகளை, ஒரே வகைப் பிள்ளைகளுக்கு எழுதியதை, 45 ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டால் அந்தச் சறுக்கல் பெருமளவு குறைகிறது. கயல்விழி, உங்கள் அமர்வுக்கு முழு வரிசையையும் எடுக்காதீர்கள். இந்த இரண்டு பதிப்புகளையும் இரண்டு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது போனது, எது புதிதாக வந்தது என்று வட்டத்தையே கோடிடச் சொல்லுங்கள்.

டூர் பற்றி: அவர் எலியாஸை நிஜமாகவே காயப்படுத்திய இடங்கள் நிர்வாணம், குளியலறை, படுக்கை சம்பந்தப்பட்டவை. பொதுக் குளியல் ஓவியங்களை எலியாஸ் நேரடியாக நம்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டில் வலு இருக்கிறது. எச்சில் வரிசை அதில் அடிபடவில்லை. எலியாஸ் வெட்கமே இல்லாத தொடக்கம் என்று ஒன்றைச் சொல்லவும் இல்லை. வெட்கம் பூஜ்ஜியமாக இருந்த நிலை என்று எதுவும் கிடையாது, வெட்கத்தின் வாசல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் கேள்வி என்கிறார். தென்பாண்டியன் சொன்ன "காட்டுமிராண்டி" அவர் நூலில் இல்லை.

மணிமேகலை_த

தமிழில் ஆசாரக்கோவை இருக்கிறதே? பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, பெருவாயின் முள்ளியார் பாடியது. பசும்புல், பயிர், பசுஞ்சாணம், சுடுகாடு, வழி, தீர்த்தம், கோயில், நிழல், மாட்டுக்கொட்டில், சாம்பல் ஆகிய பத்து இடங்களிலும் எச்சில் உமிழவோ மலசலம் கழிக்கவோ மாட்டார் அறிவுடையார் என்று ஒரு பாட்டே உண்டு. எராஸ்மஸுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அப்படியானால் நாகரிகமாதல் இங்கே அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று சொல்லலாமா?

நூலகவாசி

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எடுத்துவைத்தது அருமையான ஒப்பீடு. அந்தப் பத்தையும் மறுபடி பாருங்கள், எல்லாமே இடங்கள். சில இடத்துக்குப் புனிதம், சில இடத்துக்குப் பயன், நிழலும் வழியும் மற்றவர்கள் வந்து போகும் இடம். யார் முன்னால் துப்பக் கூடாது என்று அந்தப் பாட்டு கேட்கவில்லை. கூர்த்தானிடம் முதல் கேள்வியே அதுதான்: உன் எதிரில் நிற்பவர் உன்னைவிடப் பெரியவரா? ஒரு விதி இருப்பதாலேயே எலியாஸ் சொல்லும் மாற்றம் நடந்ததாக ஆகாது. பல தலைமுறை வரிசை வேண்டும். தமிழில் அப்படி ஒரே நூலை ஐம்பது ஆண்டுக்கொரு முறை திருத்தி அச்சடித்த வரிசை எனக்குத் தெரிந்து இல்லை.

மணிமேகலை_த

அந்தப் பாட்டு ஆளைப் பார்க்கவில்லை என்பது சரி. நூல் முழுவதும் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெரியவர்கள் முன்னால் எப்படி நடந்துகொள்வது, அவர்களோடு உண்ணும்போது என்ன முறை என்று ஆசாரக்கோவையில் நிறையவே வருகிறது. இடத்தைப் பார்க்கும் விதி, ஆளைப் பார்க்கும் விதி என்று இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியுமா? கோயிலில் துப்பாதே என்பது சாமி என்ற பெரிய ஆள் முன்னால் துப்பாதே என்பதும்தானே. லா சால்கூடப் பாதிரியார்தான்.

நூலகவாசி

ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கோடு அவ்வளவு கூர்மையாக இல்லை. எராஸ்மஸே தேவதூதர்கள் எப்போதும் கூட இருக்கிறார்கள், சிறுவனிடம் அவர்களுக்குப் பிடித்தது அடக்கம்தான் என்கிறார். ஆக ஆளில்லாத இடத்திலும் வெட்கப்பட வேண்டும் என்ற எண்ணம் 1530-லேயே இருக்கிறது. அதைப் பிற்காலத்தில் மட்டும் வைப்பது எலியாஸ் கோட்டைக் கொஞ்சம் நேராக்கிக் காட்டுவதுதான்.

கயல்விழி_எம்

நன்றி, இரண்டு தாள் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கிருமி காரணமில்லை என்றால் வேறு என்ன காரணம்? பிரெஞ்சு அரசவைக்கும் எச்சிலுக்கும் என்ன சம்பந்தம்?

நூலகவாசி

தன் கோட்டையில் தன் ஆட்களோடு வாழும் பிரபுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் யார் முன்னால் துப்பினாலும் கேட்பாரில்லை. சுற்றி இருப்பவர்கள் அவரை நம்பிப் பிழைப்பவர்கள், சண்டை வந்தால் வாளை எடுப்பார். பிரான்சில் வரி வசூலிக்கும் உரிமையும் படை வைத்துக்கொள்ளும் உரிமையும் மெல்ல மெல்ல அரசர் ஒருவர் கையில் சேர்ந்தன. பிரபுவுக்கு வருமானம், பதவி, மகளுக்குச் சம்பந்தம் எல்லாம் இப்போது அரசர் தயவில். பதினான்காம் லூயி 1682-ல் அரசவையை வெர்சாயில் நிலைநிறுத்திய பிறகு, முக்கியமான பிரபுக்கள் ஒரே கூரையின் கீழ் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நாளைக் கழித்தார்கள். அங்கே வாளை உருவினால் கதை முடிந்தது. முகத்தில் கோபம் தெரிந்தாலே எதிரிக்கு லாபம். யார் உயர்ந்து வருகிறார், யார் சரிகிறார் என்பதைச் சின்னச் சின்ன அசைவுகளில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்களுக்கு நடுவில் உடம்பை அடக்கத் தெரியாதவர் பிழைக்க முடியாது.

அடக்கம் முதலில் மேல்நோக்கி மட்டும்தான் வேலை செய்தது. 1558-ல் வந்த இத்தாலிய நூலில் தெல்லா காசா ஓர் இடத்தில் சொல்கிறார்: மறைக்க வேண்டிய உடல் பகுதியைப் பெரிய பிரபு தன் வேலைக்காரர் முன்னாலோ, தன்னைவிடக் கீழான நண்பர் முன்னாலோ வெளிக்காட்டலாம். அது கர்வமாகாது, தனிப் பிரியத்தைக் காட்டுவதாகும். இன்று நமக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கீழே இருப்பவரிடம் அப்படி நடந்தால்தான் நாம் அதிகம் கூசுவோம். எலியாஸின் கருத்துப்படி, யார் யாரை நம்பி வாழ்கிறார் என்ற சங்கிலி நீண்டு, மேலே இருப்பவரும் கீழே இருப்பவரை நம்ப வேண்டிய நிலை வந்தபோது, அடக்கம் எல்லாத் திசையிலும் பரவியது. கடைசியில் பழக்கம் மனத்துக்குள் குடியேறிவிட்டது. யாரும் பார்க்காவிட்டாலும் கூசும்.

இந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு போட்டியும் உண்டு. கூர்த்தான் மாதிரியான நூல்களைப் படித்து ஊர்ப்புறப் பிரபுக்களும் வணிகர்களும் அரசவைப் பழக்கத்தைக் கற்றுக்கொள்வார்கள். உடனே அரசவைக்காரர்களுக்குத் தங்களைப் பிரித்துக் காட்ட வேறு ஒன்று வேண்டும், இன்னும் நுணுக்கமாக. அடுத்த நூலில் அது வரும். கைக்குட்டை இதற்கு நல்ல சாட்சி. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் நான்காம் ஹென்றி மன்னரிடமே ஐந்துதான் இருந்தது என்று எலியாஸ் குறிக்கிறார். அப்போது அது செல்வத்தின் அடையாளம். 1729-ல் பள்ளிப் பிள்ளையிடமே ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதும் அளவுக்கு அது கீழே இறங்கிவிட்டது.

தென்பாண்டியன்

அரசவைக்காரர்கள் சில ஆயிரம் பேர் இருப்பார்களா? மீதிப் பிரான்ஸ்? மீதி ஐரோப்பா? அவர்கள் கைக்குட்டையில் துப்பினார்கள் என்பதற்காகத் துறைமுகக் கூலிக்காரர் துப்புவதை நிறுத்திவிட்டாரா? 1842-ல் அமெரிக்கா போன டிக்கன்ஸ், வாஷிங்டனில் எங்கே பார்த்தாலும் புகையிலை எச்சில் என்று அருவருத்து எழுதினார். சட்டமன்றத்திலேயே துப்பினார்கள். லா சாலுக்கு நூறு ஆண்டு கழித்து. அங்கே அதை நிறுத்தியது எது? கிருமிதானே?

வடகரை_மருத்துவன்

தென்பாண்டியன் சொல்வதில் ஒரு பாதி சரி என்று எனக்குப் படுகிறது. அந்தப் பாதியை யாரும் எடுத்துப் பேசவில்லை.

நடந்தது இரண்டு வெவ்வேறு சரிவு. வீட்டுக் கூடத்திலும் விருந்திலும் மேல்தட்டு நிறுத்தியது ஒன்று. தெருவிலும் டிராமிலும் தொழிற்சாலையிலும் எல்லாரும் நிறுத்தியது இன்னொன்று. நூலகவாசியின் வரிசை முதலாவதைக் காட்டுகிறது. இரண்டாவது 1880-களுக்குப் பிறகு, காசநோய் எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்தது. காய்ந்த சளி தூசியாகிப் பறந்து நோயைப் பரப்புகிறது என்று அப்போது நம்பினார்கள். இன்று நாம் காசம் பரவும் முதன்மை வழி இருமல், தும்மல், பேச்சில் வெளியேறிக் காற்றில் மிதக்கும் நுண்துளி என்கிறோம். தரையில் கிடக்கும் எச்சிலின் பங்கு அதில் மிகக் குறைவு. அதாவது, துப்பாதே என்ற அந்த மாபெரும் இயக்கம் மருத்துவக் கணக்கில் பாதி தவறான இடத்தில் அடித்திருக்கிறது. ஆனாலும் வென்றது. ஏன்?

வெல்ல முடிந்ததற்குக் காரணம், மேலே இருந்தவர்களுக்கு ஏற்கெனவே அருவருப்பு இருந்ததுதான் என்பது என் ஊகம். கிருமி அந்த அருவருப்புக்குச் சட்டம் போடும் அதிகாரத்தைக் கொடுத்தது. அந்தக் காலத்து ஒரு பொருளைச் சொல்கிறேன். ஜெர்மானிய மருத்துவர் டெட்வைலர் 1889-ல் காசநோயாளிகளுக்காக நீலக் கண்ணாடியில் ஒரு சின்னக் குப்பி செய்தார். மூடி போட்டது, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். நோயாளி அதில் துப்பி மூடிக்கொள்ள வேண்டும். சளியைப் பத்திரமாக ஒழிக்க இதைவிட நல்ல வழி அப்போது இல்லை. ஆனால் அதைப் பையிலிருந்து எடுத்தாலே இவர் நோயாளி என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும். சுகாதாரம் எடு என்கிறது, வெட்கம் எடுக்காதே என்கிறது. சுகாதாரம் மட்டுமே இந்தப் பழக்கத்தை ஆண்டிருந்தால் எல்லார் பையிலும் ஒரு குப்பி இருந்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை.

குமுதா_ரா

அப்படியென்றால் கால்பந்து ஆட்டக்காரர்கள்? கோடிப் பேர் பார்க்கும் தொலைக்காட்சியில் புல்தரையில் துப்புகிறார்கள். அதே ஆள் ஆட்டம் முடிந்து பேட்டி கொடுக்கும்போது துப்புவதில்லை. வாசல் ஒரே பக்கம்தான் நகரும் என்று எலியாஸ் சொன்னாரா?

நூலகவாசி

சொல்லவில்லை. பின்னால் சமூகவியலாளர் எரிக் டன்னிங்கோடு சேர்ந்து விளையாட்டைப் பற்றியே எழுதினார். ஆட்டம் என்பது அடக்கத்தைக் கட்டுக்குள் வைத்தே தளர்த்த அனுமதிக்கப்பட்ட இடம் என்பது அவர்கள் வாதம். கோட்டுக்குள் கத்தலாம், மோதலாம், வெளியே வந்ததும் முடிந்தது. டச்சுச் சமூகவியலாளர் காஸ் வௌட்டர்ஸ் இருபதாம் நூற்றாண்டில் பல விதிகள் தளர்ந்ததைத் தனியாக ஆராய்ந்தார். தளர்வதற்கே முன்னைவிட அதிகத் தன்னடக்கம் வேண்டும், எங்கே தளரலாம் என்று ஒவ்வொருவரும் தானே கணிக்க வேண்டியிருக்கிறது என்கிறார் அவர். ஆட்டக்காரர் புல்லில் துப்பிவிட்டுப் பேட்டியில் துப்பாதது இதற்குப் பொருந்துகிறது.

சேரலாதன்

இதுதான் எனக்கு உறுத்துகிறது. அடங்கினால் எலியாஸ் சரி, தளர்ந்தாலும் எலியாஸ் சரி. எப்போது அவர் தவறு என்று ஒத்துக்கொள்வீர்கள்? ஓடும்போது வாய் காய்ந்து எச்சில் கெட்டியாகிறது, அதனால் துப்புகிறார் என்று உடம்பை வைத்துச் சொன்னால் முடிந்தது. இதற்கு நாகரிகமாதல் எதற்கு?

நூலகவாசி

உடம்புக் காரணம் துப்புவதை விளக்கும். பார்க்கும் கோடிப் பேர் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதை விளக்காது. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது, சோதனை ஒன்று வேண்டும். என் பார்வையில் அது ஒழுக்க நூல்களுக்கு வெளியே இருக்க வேண்டும். பிரான்சிலும் நெதர்லாந்திலும் ஒருவர் இறந்ததும் வீட்டுச் சாமான் பட்டியலைப் பல சமயம் சட்டப்படி எழுதி வைத்தார்கள். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டியல்கள் காப்பகங்களில் ஏராளம். அவற்றில் கைக்குட்டை எத்தனை, எந்தத் தொழில்காரர் வீட்டில், எந்தப் பத்தாண்டில் என்று எண்ணலாம். அரசவைக்காரர், அப்புறம் வழக்கறிஞர், அப்புறம் கைவினைஞர் என்ற வரிசையில் கைக்குட்டை இறங்கினால் எலியாஸ் தேறுவார். எல்லார் வீட்டிலும் ஒரே காலத்தில், துணி மலிவானபோது வந்திருந்தால் அரசவைக் கதை அடிபடும்.

சேரலாதன்

பட்டியலில் கைக்குட்டை இருந்தால் அதில் துப்பினார்கள் என்று எப்படித் தெரியும்? வியர்வை துடைத்திருக்கலாம், பொடி போடுபவர் வைத்திருக்கலாம். பொடி பரவிய காலமும் அதேதான்.

வடகரை_மருத்துவன்

பொடி நல்ல கேள்வி. அதை யோசிக்கவில்லை. பொடிக் கறை தெரியாமலிருக்க அடர்நிறக் கைக்குட்டை வைத்துக்கொண்டார்கள். பட்டியலில் நிறமும் எழுதியிருந்தால் வெள்ளையையும் நிறம் போட்டதையும் பிரித்து எண்ண முடியும். எச்சில் தொட்டி தனி உருப்படியாகப் பட்டியலில் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைக்குட்டை கூடக்கூடத் தொட்டி குறைகிறதா, அல்லது இரண்டும் சேர்ந்தே கூடுகின்றனவா என்பதிலிருந்து தொடங்கலாம்.